மணம் தெரியாத தம்பிக்குப் பிள்ளை பிறக்குமா? எச்.சி.ஜி, எப்.எஸ்.எச் ஊசிகள் படிப்படியாக

கருவாடு காயும் வாடியைத் தாண்டிப் போனாலும் மூக்கில் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லும் இளைஞருக்கு மீசையும் அரும்பவில்லை, குரலும் உடையவில்லை என்றால், முதலில் நினைக்கவேண்டியது கால்மன் நோய்க்குறி. கரு வளரும்போது சில நரம்புக் கலங்கள் மூக்குப் பகுதியில் தோன்றி, மணத்தை உணரும் நரம்புகளின் வழியாக மூளைக்குள் நடந்துபோகின்றன. கபச்சுரப்பியை வேலை செய்யச் சொல்லும் கட்டளை அவற்றிடமிருந்துதான் வருகிறது. அந்தப் பயணம் பாதியில் நின்றுவிட்டால் மணமும் இல்லை, கட்டளையும் இல்லை. விதைப்பையில் இருக்கும் விதைகள் பெரும்பாலும் நல்ல விதைகள்தான். யாரும் எழுப்பாததால் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

திருகோணமலையில் தாதியாக வேலை செய்யும் எனக்கு, இந்த ஊசிகளை வீட்டில் போடக் கற்றுக்கொடுப்பதும் வேலையில் ஒரு பகுதி. நிலாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவரை வைத்து விளக்குகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 28, கலியாணமாகி இரண்டு வருடம். பதினெட்டு வயதில் கிளினிக்கில் கண்டுபிடித்து, ஆண் ஓமோனான டெஸ்டொஸ்டெரோன் ஊசி தொடங்கினார்கள். தாடி வந்தது, குரல் தடித்தது, தாம்பத்தியத்திலும் குறை இல்லை. ஆனால் விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை.

படி 1: பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள்

டெஸ்டொஸ்டெரோன் தொடங்குவதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனைதான் முக்கியம். தம்பியின் ரிப்போர்ட்டில் காலை நேர டெஸ்டொஸ்டெரோன் 1 நனோமோல் அளவில் இருந்தது. வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 10க்கு மேல் இருக்கவேண்டும். கூடவே, கபச்சுரப்பி விதைக்கு அனுப்பும் ஓமோன்களான எல்.எச், எப்.எஸ்.எச் இரண்டும் 1க்குக் கீழே. மூன்றும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் பிழை மேலே, அதாவது கட்டளை வரும் இடத்தில். மாறாக எப்.எஸ்.எச் உயர்ந்து டெஸ்டொஸ்டெரோன் தாழ்ந்திருந்தால் பிழை விதையிலேயே இருக்கிறது. கபச்சுரப்பி கத்திக்கொண்டிருந்தும் விதை கேட்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு நான் இங்கே சொல்லும் ஊசிகள் பலன் தராது. காசைச் செலவழிக்க முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மணம் நன்றாகத் தெரிந்தும் இதே குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வைத்தியம் இதுதான். ஆனால் கபச்சுரப்பியில் கட்டி, புரோலக்டின் கூடுதல், தலசீமியாவுக்கு இரத்தம் ஏற்றி ஏற்றி இரும்பு படிந்தது போன்ற காரணங்களை எம்.ஆர்.ஐ ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் செய்து டொக்டர் விலக்கவேண்டும்.

விதையின் அளவையும் பார்ப்பார்கள். நூலில் கோத்த மணிகள் போன்ற ஒரு கருவி உண்டு, ஒவ்வொரு மணியிலும் மில்லிலீற்றர் எழுதியிருக்கும். தம்பிக்கு இரண்டு பக்கமும் 3. நாலுக்குக் கீழே என்றால் விதை இன்னும் சிறுபிள்ளைப் பருவத்தில் நிற்கிறது. சிறு வயதில் விதை கீழிறங்காமல் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்களுக்குப் பலன் குறைவாகக் கிடைக்கலாம்.

மனைவியையும் இப்போதே பரிசோதியுங்கள். ஊசியோடு இரண்டு வருடம் போனபிறகு அவருடைய குழாயில் அடைப்பு என்று தெரியவருவது பெரிய கொடுமை.

படி 2: டெஸ்டொஸ்டெரோன் ஊசியை நிறுத்துவது

பலருக்கு விளங்காத இடம் இது. ஆண் ஓமோன் ஊசி போட்டால் விந்தணுவும் வரும் என்று நினைக்கிறார்கள். விந்தணு உருவாக விதைக்குள்ளே டெஸ்டொஸ்டெரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக வேண்டும். வெளியிலிருந்து போடும் ஊசியால் அந்தச் செறிவு வராது. கொஞ்சநஞ்சம் கட்டளை வந்துகொண்டிருந்தாலும் அதையும் ஊசி அடக்கிவிடும். ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போடும் பொடியன்களுக்கு விந்தணு இல்லாமல் போவதும் இதனால்தான். பத்து வருடம் டெஸ்டொஸ்டெரோன் போட்டதால் விதை கெட்டுவிட்டதோ என்று தம்பி பயந்தார். அப்படிக் கெட்டுப்போவதில்லை. டொக்டர் சொல்லும் நாளில் அதை நிறுத்தி, அடுத்த ஊசி வரும் நேரத்தில் எச்.சி.ஜியைத் தொடங்கினால், இடையில் சோர்வும் அதிகம் தெரியாது.

படி 3: எச்.சி.ஜி

எல்.எச் செய்யும் வேலையை எச்.சி.ஜி செய்கிறது. விதையில் டெஸ்டொஸ்டெரோன் சுரக்கும் கலங்களை அது எழுப்பும். கர்ப்பிணிகளின் உடம்பில் வரும் ஓமோனும் இதுவே. ஆகவே இந்த ஊசி போடும் ஆண் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் பார்த்தால் இரண்டு கோடு வரலாம், பயப்படவேண்டாம். வேறு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும்போது மட்டும் இந்த மருந்து போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

தம்பிக்கு எழுதியது 1500 அலகு, கிழமைக்கு இரண்டு தரம். அவர் திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொண்டார். கிடைத்த குப்பியிலோ 5000 அலகுத் தூள். கணக்கு பிழைப்பது இங்கேதான், மெதுவாகப் பாருங்கள்.

குப்பிக்குள் 1 மில்லிலீற்றர் கரைசல் விட்டால் அந்த ஒரு மில்லிலீற்றரில் 5000 அலகு இருக்கும். 1500 அலகுக்கு 0.3 மில்லிலீற்றர். நூறு கோடு உள்ள ஒரு மில்லிலீற்றர் இன்சுலின் சிரிஞ்சில் அது 30வது கோடு. அதே குப்பிக்கு 2 மில்லிலீற்றர் விட்டுவிட்டு 30வது கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 750 அலகு மட்டும், பாதி மருந்து. சிரிஞ்சில் உள்ள இலக்கம் இன்சுலினுக்கான அலகு, எச்.சி.ஜியின் அலகு அல்ல. எவ்வளவு விடுவது, எந்தக் கோடு வரை இழுப்பது என்ற இரண்டையும் மருந்துத் துண்டிலேயே எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

கரைக்கும்போது கரைசலைக் குப்பியின் சுவரில் வழியவிட்டு, கையில் மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்கவேண்டாம். மிச்சத்தை வைத்துப் பாவிக்கலாமா என்பது கரைசலைப் பொறுத்தது. கிருமி வளராமல் தடுக்கும் பதார்த்தம் சேர்ந்த கரைசல் என்றால், பெட்டியில் சொன்ன நாள்வரை பிரிட்ஜில் வைக்கலாம். வெறும் நீர் என்றால் ஒரு தரம் எடுத்தபின் மிச்சத்தை எறியவேண்டியதுதான். எது தந்திருக்கிறார்கள் என்று பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுத் தோலின் கீழே போடும்படி சொல்லியிருந்தால், தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுங்கள். ஒவ்வொரு தரமும் இடத்தை மாற்றுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் நமது வீட்டு அலுமாரியே அடுப்பாகிவிடும், ஆகவே தூளாக இருக்கும் குப்பிக்கும் பிரிட்ஜ்தான் நல்லது. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மருந்து வாங்கி பஸ்ஸில் வருபவர்கள் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போடுகிறார்கள். மீனுக்குப் போடுவதுபோல ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும். ஐஸுக்கும் மருந்துக்கும் இடையில் ஒரு துவாயை மடித்து வையுங்கள்.

படி 4: ஊசி வேலை செய்கிறதா?

ஆறு, எட்டுக் கிழமை போனபின், அடுத்த ஊசிக்கு முன்னதாக இரத்தம் கொடுங்கள். தம்பிக்கு டெஸ்டொஸ்டெரோன் 7 தான் வந்தது. டொக்டர் 2000 அலகாக்கி, கிழமைக்கு மூன்று தரம் போடச்சொன்னார். அடுத்த ரிப்போர்ட்டில் 16. அதுதான் வேண்டிய இடம்.

அளவு கூடினால் முகப்பரு வரும், முலைக்காம்பின் கீழே நொந்து தடிக்கும். விதை சுரக்கும் டெஸ்டொஸ்டெரோனில் ஒரு பங்கு பெண் ஓமோனாக மாறுவதுதான் காரணம். தம்பிக்கு நாலாம் மாதம் இடது பக்கம் நொந்தது. வெட்கப்பட்டு ஒரு மாதம் சொல்லவில்லை, தானாக ஊசியையும் விட்டுவிட்டு இருந்திருக்கிறார். இப்படிச் செய்யாதீர்கள். அளவைக் கொஞ்சம் குறைத்ததும் அவருக்கு நோவு போய்விட்டது.

படி 5: எப்.எஸ்.எச் சேர்ப்பது

வாலிபம் வந்தபின் கபச்சுரப்பி கெட்டவர்கள் சிலருக்கு எச்.சி.ஜி மட்டுமே போதும். 3 மில்லிலீற்றர் விதை உள்ளவருக்கு அது போதுவது அரிது. விந்தணுவைத் தாங்கி ஊட்டும் தாதிக் கலங்கள் விதையில் உண்டு, அவற்றுக்கு எப்.எஸ்.எச் வேண்டும். வழமையாக மூன்று முதல் ஆறு மாதம் எச்.சி.ஜி போட்டு, விந்தணு இல்லை என்று கண்டபின் எப்.எஸ்.எச்சைச் சேர்ப்பார்கள். தம்பிக்கு ஆறாம் மாதம், 150 அலகு, கிழமைக்கு மூன்று தரம். எச்.சி.ஜியும் கூடவே தொடரும், ஒன்றுக்குப் பதில் மற்றது அல்ல. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலப்பதா என்று உங்கள் பாட்டில் முடிவெடுக்காதீர்கள்.

மிகச் சிறிய விதை உள்ளவர்களுக்குச் சில நிபுணர்கள் எப்.எஸ்.எச்சை முதலில் சில மாதம் தனியாகக் கொடுப்பதும் உண்டு. டெஸ்டொஸ்டெரோன் கூடி அந்தத் தாதிக் கலங்கள் முதிர்ந்துவிட்டால் பிறகு பெருகமாட்டா, அதற்கு முன்னரே பெருகவைப்பது நோக்கம். நியாயமான வழி என்பது என் எண்ணம், ஆனால் விலை கூடிய மருந்து இன்னும் சில மாதம் தேவைப்படும். எப்.எஸ்.எச்சுக்குப் பதிலாக எச்.எம்.ஜி என்ற ஊசி எழுதினாலும் குழம்பவேண்டாம், அதிலும் எப்.எஸ்.எச் இருக்கிறது.

படி 6: விந்துப் பரிசோதனை, பிறகு பொறுமை

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகும், வெளியே வரும் வழிக்கு இன்னும் கொஞ்ச நாள். ஆகவே மாதாமாதம் பரிசோதித்து மனம் உடைவதில் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போதும். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி எடுங்கள், வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேருங்கள். ஐஸ் வேண்டாம். சாதாரணமாகப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், மாதிரியைச் சுழற்றி அடியில் படிவதைப் பார்க்கும்படி கேளுங்கள். தம்பிக்கு எப்.எஸ்.எச் தொடங்கி ஆறாம் மாதம் அப்படிப் பார்த்தபோதுதான் முதல் விந்தணுக்கள் தெரிந்தன. விதையும் 3 இலிருந்து 6 ஆகியிருந்தது. அவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது எனக்கும் கை நடுங்கியது.

அவுஸ்திரேலியாவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் விந்தணு தெரிய நடுத்தரமாக 7 மாதமும் கரு தங்க 28 மாதமும் எடுத்தன. ஆறு மாதத்தில் விட்டுவிடுபவர்களை நினைத்துத்தான் இந்த இலக்கத்தைச் சொல்கிறேன். எண்ணிக்கை சாதாரண ஆணின் அளவுக்கு வராமலே பலருக்குக் கரு தங்குகிறது. தம்பிக்கு ஒரு மில்லிலீற்றரில் 3 மில்லியன்தான் இருந்தது. வசதி இருந்தால் விந்தணு கண்டவுடனேயே கொஞ்சம் உறையவைத்துச் சேமிப்பது புத்தி. வருடம் தாண்டியும் இயற்கையாகத் தங்காவிட்டால் அந்தச் சிறு எண்ணிக்கையே சோதனைக்குழாய் முறைக்குப் போதுமானது.

கரு தங்கியபின்

உடனே ஊசியை நிறுத்தாதீர்கள். முதல் மூன்று மாதம் கடக்கும்வரை தொடரும்படிதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்புறம் இன்னொரு பிள்ளை சீக்கிரம் வேண்டும் என்றால் எப்.எஸ்.எச்சை விட்டு எச்.சி.ஜியை மட்டும் தொடரலாம், வந்த விந்தணு பலருக்கு அதிலேயே நிலைக்கும். இல்லையென்றால் பழையபடி டெஸ்டொஸ்டெரோனுக்குத் திரும்பலாம். ஒன்றுமே போடாமல் விட்டால் எலும்பு மெலிந்துவிடும்.

கால்மன் பரம்பரையில் வரக்கூடியது. எந்த மரபணு என்பதைப் பொறுத்துப் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மாறும், சில வகையில் பாதிக்குப் பாதி. பிறப்பது ஆண்பிள்ளை என்றால், விதைகள் இறங்கியிருக்கின்றனவா, ஆணுறுப்பு மிகச் சிறிதாக இருக்கிறதா என்று முதல் மாதங்களிலேயே பிள்ளை வைத்தியரிடம் காட்டி, தகப்பனுடைய நோயின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.