4ஆம் நரம்பைச் சோதிக்க: முதலில் மூக்குப் பக்கம், அப்புறம் கீழே

கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் வெளி நேர்தசைக்கு 6ஆம் கபால நரம்பு, மேல் சாய்தசைக்கு 4ஆம் நரம்பு, மற்ற நான்குக்கும் 3ஆம் நரம்பு. இதை மனப்பாடம் செய்துவிடலாம். மாணவர்கள் தடுமாறுவது மேல் சாய்தசையைச் சோதிக்கும்போதுதான்.

அதன் தசைநாண், கண்குழியின் உட்பக்க மேல்மூலையில் உள்ள கப்பி போன்ற வளையத்தில் நுழைந்து, பின்னோக்கித் திரும்பி, விழியின் வெளி அடுக்கான ஸ்கிளீராவில் பின்பாதியில் ஒட்டுகிறது. பின்பாதி மேலே இழுபட்டால் கருவிழி கீழே இறங்கும். ஆனால் கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தால்தான் இந்த இழுப்பு நன்றாக எடுபடும். அதனால் உங்கள் விரலை முதலில் நோயாளியின் மூக்குப் பக்கம் கொண்டுபோய், அப்புறம் கீழே இறக்குங்கள். வெறுமனே நேராகக் கீழே பார்க்கச் சொன்னால், கீழ் நேர்தசை குறையை மறைத்துவிடலாம்.

வலது 4ஆம் நரம்பு செயலிழந்தவருக்கு வலது விழி சற்று மேலே நிற்கும். படி இறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும் பிம்பம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டாகத் தெரியும். அதைச் சமாளிக்க, பெரும்பாலும் தலையை இடப்பக்கம் சாய்த்தே வைத்திருப்பார். வலப்பக்கம் சாய்க்கச் சொல்லிப் பாருங்கள், விழி இன்னும் மேலேறும்.