காவிரிக் கணக்கில் நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டுகளில் ஆகஸ்ட் பிறந்ததும் காவிரி தலைப்புச் செய்தியாகிவிடும். கர்நாடகத்தின் மண்டியாவில் ஒரு கணக்கு சொல்வார்கள், நம் டெல்டாவின் மன்னார்குடியில் ஒரு கணக்கு சொல்வார்கள். கோபம் இரண்டு பக்கமும் நியாயமானதுதான். ஆனால் கணக்கில் விழும் ஓட்டைகளும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றேதான்.

ஆண்டுத் தொகையை வைத்துக்கொண்டு வாதாடுவது

2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பு, காவிரிப் படுகையில் கிடைக்கும் நீரை 740 டிஎம்சி என்று எடுத்துக்கொண்டு பங்கு பிரித்தது; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. மாநில எல்லையில் நீர் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 192 டிஎம்சி என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சி, தமிழ்நாட்டுப் படுகையில் உள்ள நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு கழித்தது. மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு.

இந்த 177.25 எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குக் கீழே உள்ள மாத அட்டவணையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டிஎம்சி வர வேண்டும். நான்கே மாதத்தில் 123 டிஎம்சிக்கு மேல், அதாவது மொத்தத்தில் பத்துக்கு ஏழு பங்கு. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு வெறும் 2.5.

காரணம் மழையின் போக்கு. குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும். டெல்டாவுக்குச் சொந்த மழை அக்டோபரில்தான் தொடங்கும். குறுவை அதற்குள் வயலில் நின்று, விளைந்து, அறுத்துக் கரை ஏற வேண்டும். சம்பாவுக்கு நாற்று விடவும் அந்த மழைக்கு முன்பே ஆற்றுத் தண்ணீர் வேண்டும். ஜூலையில் வராத தண்ணீரை நவம்பரில் தந்து ஈடுகட்ட முடியாது. அப்போது வயலில் மழைநீரை வடிக்க வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து "பங்கு வந்துவிட்டதே" என்பது தணிக்கை அதிகாரிக்குச் சரி, பயிருக்குச் சரியில்லை.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டபோது நீர்மட்டம் 103 அடிக்கு மேல், இருப்பு சுமார் 69 டிஎம்சி. பார்க்க வசதியான இருப்புதான். விநாடிக்கு 10,000 கன அடி வீதம் விட்டால் ஒரு நாளுக்கு 0.86 டிஎம்சி போகும். குடிநீருக்கும் மீனுக்கும் அடியில் கொஞ்சம் நிறுத்தினால், அறுபது எழுபது நாளில் அணை காலி. ஆகஸ்டு பாதியில் மேலிருந்து வரத்து வந்தே தீர வேண்டும். அந்த ஆண்டு மழையும் இல்லை, வரத்தும் இல்லை. அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கு மேட்டூரை மூடினார்கள். குறுவை கடைமடையில் காய்ந்தது ஒரு பக்கம், சம்பா நாற்றங்காலைத் தொடங்கவே முடியாமல் போனது மறுபக்கம்.

இதில் கீழ்மடைக்காரர்களான நாமும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜூன் 12 என்பது ஒரு மரபு, மழைக்கு அந்தத் தேதி தெரியாது. அன்றைக்குத் திறப்பதை அரசின் மானப் பிரச்சினையாக ஆக்கிவிட்டோம். 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் அந்தத் தேதி தவறியது, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வெள்ளம் வந்த பிறகு ஜூலை 28 அன்று திறந்தார்கள். குறுவையில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது, ஆனால் பாதியில் காயவிட்ட கொடுமை இல்லை. போட்ட பயிர் காய்வதைவிடப் போடாத பயிர் செலவு குறைவு என்பதை எந்த விவசாயியும் சொல்வார்.

கன அடியையும் டிஎம்சியையும் குழப்பிக்கொள்வது

"தினமும் 5,000 கன அடி" என்று செய்தியில் வாசித்தால் மிகப் பெரிய தொகையாகத் தோன்றும். மேல்மடையில் பந்த் அறிவிக்கவும், கீழ்மடையில் வெற்றி அறிக்கை விடவும் அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் அது தினசரி அளவே அல்ல, விநாடிக் கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக, விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி. 2023 ஆகஸ்டு இறுதியில், நீர் திறப்பைப் பரிந்துரைக்கும் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு சொன்னது, 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி. பெருக்கிப் பாருங்கள்: 6.48 டிஎம்சி. அந்த ஆகஸ்டு முழுமைக்கும் அட்டவணை சொன்னது 45.95. இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிட்டால் இரண்டு பக்கத்து முழக்கமும் பாதி அடங்கிவிடும்.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் உண்டு. கர்நாடகம் மதகைத் திறந்தால்தான் பிலிகுண்டுலுவுக்கு நீர் வரும் என்று நினைக்கிறோம். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளுக்கும் கீழே பெய்கிற மழை, யார் கட்டளையும் இல்லாமல் தானாக வந்து சேர்கிறது. நல்ல மழைக்காலத்தில் அது கணிசமான அளவு. பிலிகுண்டுலுவுக்கு மேலே மேகதாதுவில் கர்நாடகம் 67.16 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்டுவோம் என்றதும் தமிழ்நாடு பதறுவதற்கு உண்மையான காரணம் இதுதான். இன்று எந்த மதகும் இல்லாத அந்த வரத்துக்கும் அங்கே ஒரு மதகு வந்துவிடும்.

வெள்ளத்தைப் பங்கில் சேர்ப்பது

2018-இல் வந்தது 177.25-ஐப் போல இருமடங்குக்கும் மேல். "அவ்வளவு தந்தோமே, கடலில்தானே விட்டீர்கள்" என்று மேல்மடையில் கேட்பார்கள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அது நிரம்பிய பிறகு விநாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தால் நாளொன்றுக்கு 17 டிஎம்சி. அதைப் பிடித்துவைக்கக் கீழே அந்த அளவில் வேறு அணை கிடையாது. முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடம் வழியாகக் கடலுக்குத்தான் போகும். அந்த ஆண்டு ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துப் பழைய மேலணையின் மதகுகள் வரிசையாக இடிந்து விழுந்ததும் அதே வெள்ளக் காலத்தில்தான்.

மேலே உள்ள அணை முழுதும் நிரம்பும் வரை தேக்கிவிட்டு, பிறகு வேறு வழியில்லாமல் ஒரே மூச்சில் திறப்பதுதான் இங்கே கோளாறு. வானிலை முன்கணிப்பைப் பார்த்து இரண்டு வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், மேலே வெள்ளத்துக்கு இடமும் கிடைக்கும், கீழே அதே தண்ணீர் வயலுக்கும் போகும். இதற்குப் புதிய அணை வேண்டாம். மேல் அணைகளையும் மேட்டூரையும் ஒரே தொகுப்பாக வைத்து இயக்கும் பழக்கம் வேண்டும். நல்ல மழை ஆண்டிலேயே இதைப் பழகாவிட்டால் வறட்சியில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள்.

"பற்றாக்குறையையும் பங்கிடு" என்று சொல்லிவிட்டு நிறுத்துவது

நடுவர் மன்றம் இதைச் சொல்லியிருக்கிறது: வறட்சி ஆண்டில் பங்குகள் அதே விகிதத்தில் குறையும். நியாயமான வாசகம். சிக்கல் அதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. எதில் எத்தனை சதவீதம் குறைவு? நடைமுறையில், மேற்சொன்ன நான்கு அணைகளுக்கு வந்த நீரைப் பழைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2023 செப்டம்பரில் அது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஆனால் ஜூன் முதல் நாளில் யாரிடம் எவ்வளவு இருப்பு இருந்தது, இந்த வாரம் மேலே கால்வாய்களுக்கு எவ்வளவு திறந்தார்கள், கீழே எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக வாதிடப்படுகின்றன. வாதம் முடியும்போது குறுவைக்குக் கதிர் வரும் பருவம் தாண்டியிருக்கும்.

தீர்ப்பிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜூன் 1 அன்று அணைகளில் எஞ்சிய நீரைக் கணக்கில் எடுக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரத்தைப் பார்த்துப் பங்கைத் திருத்த வேண்டும், மாத அளவைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து விட வேண்டும் என்கிறது. அதோடு சூத்திரத்தை மே மாதத்திலேயே எழுதி இரு மாநிலமும் கையெழுத்திட்டுவிட்டால், ஆகஸ்டில் பேச வேண்டியது சதவீதம் மட்டும்தான். அப்போது ஜூலை 15 வாக்கில் டெல்டாவில் குறுவையைச் சுருக்கச் சொல்லலாம், மண்டியாவில் இரண்டாம் பயிராக நெல்லுக்குப் பதில் ராகி போடச் சொல்லலாம், இருவருக்கும் இழப்பீட்டை முன்கூட்டியே அறிவிக்கலாம்.

மண்டியாவைச் சொன்னது வேண்டுமென்றேதான். இரண்டு மாநிலம், இரண்டு முதலமைச்சர் என்றே பார்ப்பதால், மேல்மடையில் இருப்பவரும் ஒரு வறட்சிக்காரர் என்பதை மறந்துவிடுகிறோம். வேதாரண்யத்து விவசாயிக்குக் கல்லணை எட்டாத தொலைவு என்றால், மண்டியாவில் விஸ்வேஸ்வரய்யா கால்வாயின் கடைக்கோடியில் இருக்கும் விவசாயிக்கும் கிருஷ்ணராஜ சாகர் தொலைவுதான். நம் பக்கத்திலும் தலைமடைக்கும் கடைமடைக்கும் சண்டை உண்டு. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள், அப்போதும் தலைமடையில் இரவில் மதகைத் தூக்கிவிடுகிறார்கள் என்ற புகார் கேட்கும். மாநிலங்களுக்கு இடையே நடப்பதும் இதேதான், அளவு மட்டும் பெரிது.

2003-இல் இரு மாநில விவசாயிகள் சேர்ந்து "காவிரிக் குடும்பம்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள், வறட்சிப் பங்கீடு பற்றிப் பேசினார்கள். அரசுகள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்து இந்த வழக்கில் நடந்த மிக உருப்படியான பேச்சு அதுதான், வழக்கறிஞர் இல்லாத பேச்சு என்பதால்.

2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கும் ஒழுங்காற்றுக் குழுவுக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே எதிர்பார்க்க வேண்டும். அவர்கள் கையில் மதகுகள் இல்லை. அணைகளை இயக்குவது அந்தந்த மாநிலத்தின் பொறியாளர்கள். ஆணையம் சொல்லலாம், கண்காணிக்கலாம், தராவிட்டால் நீதிமன்றத்துக்கு விஷயம் போகும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளப்பதால் அங்கே எவ்வளவு வந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை. தகராறு அதற்கு மேலே. ஒவ்வொரு அணைக்கும் வந்தது எவ்வளவு, எந்தக் கால்வாயில் போனது எவ்வளவு என்பது ஒரு மாநிலம் எழுதி மறு மாநிலம் சந்தேகிக்கும் எண்ணாகவே இருக்கிறது. நான்கு மேல் அணைகளின் கால்வாய்த் தலைப்பிலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் பிரியும் இடத்திலும் தானியங்கிக் கருவி வைத்து அளவை நாள்தோறும் இணையத்தில் போட்டால், மண்டியாக்காரரும் மன்னார்குடிக்காரரும் ஒரே எண்ணை வைத்துச் சண்டை போடலாம்.