குளம் தூர்வார யாருக்கு ஃபண்ட்? தேர்வுக்குழு மினிட்ஸ் எழுதறது எப்படி (முதல்தடவ எழுதறவங்களுக்கு)

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அட்மின் பாக்கறேனுங்க. சிஎஸ்ஆர் வேலையும் எந்தலைல தான். கம்பெனி சட்டம் 135ம் பிரிவுல வர்ற கம்பெனியா இருந்தா முந்தின மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் பொதுக்காரியத்துக்கு செலவு பண்ணணும்ல, அதுல எங்களுக்கு இந்த வருசம் குளம் குட்டை தூர்வாரறதுக்குன்னு 18 லட்சம் ஒதுக்குனாங்க. சிஎஸ்ஆர் தொகை 50 லட்சத்த தாண்டாத கம்பெனிக்கு தனியா சிஎஸ்ஆர் கமிட்டி கட்டாயமில்ல, போர்டே முடிவு பண்ணிக்கலாம். ஆனா போர்டுல இருக்கறவங்க விண்ணப்பத்த ஒவ்வொண்ணா படிக்க மாட்டாங்க, அதனால அஞ்சு பேர் குழு போட்டு மார்க் குடுக்க சொல்லி, குழு பரிந்துரைக்கும், போர்டு ஒப்புதல் குடுக்கும்னு வெச்சுக்கிட்டோம். அந்த குழுவோட மினிட்ஸ எழுதறது நான்.

மொத வருசம் ஒண்ணரைப் பக்கம் எழுதுனேன். யாரார் வந்தாங்க, டீ சாப்ட்டோம்ங்கறத தவிர எல்லாம் விட்டுப்போச்சு. ஆடிட்டர் ஒரே கேள்வி கேட்டார், "ஏனுங்க, இவங்களுக்கு குடுத்தீங்க சரி, அவங்களுக்கு ஏன் இல்லைன்னு இதுல எங்க இருக்குது?" பதிலே இல்ல. அதுக்கப்புறம் கத்துக்கிட்டது தான் கீழ இருக்கறது. இந்த வருசத்து கூட்டத்தையே உதாரணமா எடுத்துக்கறேன், ஊர் பேரெல்லாம் எடுத்துட்டு விண்ணப்பம் 1, 2, 3, 4ன்னு நம்பர் மட்டும் போட்டுருக்கேன்.

படி 1: கூட்டத்துக்கு முன்னாடியே பாதி மினிட்ஸ டைப் பண்ணி வெச்சுருங்க

தேதி, இடம், உறுப்பினர் பேர், கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக கொறஞ்சது எத்தனை பேர் இருக்கணும் (எங்களுக்கு 3), எவ்வளவு பணம் இருக்குது, எத்தனை விண்ணப்பம் வந்துச்சு, எத்தனை ஆரம்பத்துலயே கழிஞ்சுது, எதனால. எங்களுக்கு வந்தது ஆறு, ரெண்டு அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு இல்ல, அந்த பதிவு இல்லாத அமைப்பு மூலமா கம்பெனி சிஎஸ்ஆர் பணத்த செலவு பண்ண முடியாது, அதனால அது ரெண்டும் மார்க் போடறதுக்கே வரல. இத ஒரு வரில எழுதிருங்க, இல்லைன்னா "நாங்களும் தான் போட்டோம்"னு நாளைக்கு ஃபோன் வரும்.

அளவுகோலையும் மொதல்லயே எழுதிரணும். எங்களுது: தேவை 30, வேலைத்திட்டம் 25, பட்ஜெட் 20, ஊர்மக்கள் பங்கு 15, அப்புறம் பராமரிப்பு 10. தேர்ச்சி மார்க் 60. விண்ணப்பத்த பிரிச்சதுக்கு அப்புறம் இத மாத்தக்கூடாது. குழு கூடுனதும் யாராச்சும் "ஏனுங்க, தேவைக்கு 40 வெக்கலாமே"ம்பாங்க, சரியான யோசனையாவே இருக்கும், ஆனா அடுத்த வருசத்துக்குன்னு எழுதி வெச்சுக்கங்க.

படி 2: சொந்தபந்தம். இங்க தான் நம்ம ஊர்ல சிக்கல்

கொங்கு நாட்டுல அஞ்சு பேர உக்கார வெச்சா ரெண்டு பேர் ஒரே குலக்கூட்டமா இருப்பாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் மாமன் மச்சான் முறை வரும், குலதெய்வக் கோயில் கமிட்டில ஒண்ணா இருப்பாங்க. இதையெல்லாம் ஒறவுன்னு ஒதுக்குனா குழுவே போட முடியாது. ஒண்ணையும் கண்டுக்கலைன்னா குழு போட்டும் பிரயோசனம் இல்ல. அதனால நாங்க கோடு கிழிச்சுக்கிட்டோம்.

ஒரே கூட்டம், ஒரே ஊர், தெரிஞ்சவங்கன்னா சொல்லிட்டு உக்காரலாம், மினிட்ஸ்ல ஏறும், மார்க்கும் போடலாம். கூடப்பொறந்தவங்க, மச்சினன், சம்பந்தி, கடன் குடுக்கல் வாங்கல், யாவாரம், அந்த அமைப்புல பொறுப்பு, இதெல்லாம் இருந்தா சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிரணும், அந்த விண்ணப்பம் முடியற வரைக்கும். இந்த கோட்டையும் மினிட்ஸ்ல எழுதணும், ஏன்னா ஒருத்தர ஏன் அனுப்புனீங்க, இன்னொருத்தர ஏன் உக்கார வெச்சீங்கன்னு கேப்பாங்க.

கூட்டம் ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி கேக்கணும். "யாருக்காச்சும் இருக்குதுங்களா"ன்னு பொதுவா கேட்டா எல்லாரும் செவுத்த பாப்பாங்க. நான் வரிசையா கேட்டுட்டு வந்தப்ப மூணாவது உறுப்பினர், பெரியவர், பவானி பக்கம் விவசாயி, மெதுவா சொன்னார், "தம்பி, அந்த மூணாம் நம்பருல எம்பட மச்சினன் தான் பொருளாளருங்க. மார்க்கு ஊட்லயே போட்டு எடுத்தாந்துட்டனே, இப்ப என்ன பண்றது?"

விண்ணப்பத்த ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிருந்தோம், அதனால வந்த வினை. அந்த ஒரு தாள மட்டும் வாங்கி, குறுக்க ஒரு கோடு போட்டு, "கணக்கில் சேர்க்கப்படவில்லை"ன்னு எழுதி, கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சேன். கிழிச்சு போடாதீங்க, கிழிச்சா அதுல என்ன இருந்துச்சோன்னு பேச்சு வரும். மினிட்ஸ்ல இப்படி எழுதுனேன்:

> உறுப்பினர் 3, விண்ணப்பம் 3-இன் பொருளாளர் தமது மனைவியின் சகோதரர் எனத் தெரிவித்தார். விண்ணப்பம் 3 பரிசீலனைக்கு வந்தபோது 11.40க்கு அறையை விட்டு வெளியேறி 12.15க்குத் திரும்பினார். அப்போது நான்கு உறுப்பினர்கள் இருந்தனர், கோரம் குறையவில்லை. அவர் முன்கூட்டியே அளித்த மதிப்பெண் தாள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. உறுப்பினர்கள் 1, 2, 4, 5 தமக்கு விலக வேண்டிய தொடர்பு எதுவும் இல்லை எனத் தெரிவித்தனர்.

நேரம் போடறத விட்டறாதீங்க. "கலந்துகொள்ளவில்லை"ன்னு மட்டும் எழுதுனா அறைலயே உக்காந்துட்டு பேசாம இருந்தாரா, வெளிய போனாரான்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணும் இல்லைன்னு சொன்னவங்களோட பதிலும் அதே மாதிரி முக்கியம்.

படி 3: மார்க் போடறப்ப எக்செல்ல பாத்து

| விண்ணப்பம் | உ1 | உ2 | உ3 | உ4 | உ5 | சராசரி |
|---|---|---|---|---|---|---|
| 1 | 72 | 68 | 75 | 70 | 65 | 70 |
| 2 | 80 | 78 | 82 | 76 | 84 | 80 |
| 3 | 78 | 74 | விலகல் | 80 | 76 | 77 |
| 4 | 55 | 60 | 58 | 82 | 50 | 61 |

மூணாவது வரிய பாருங்க. மொத்த மார்க்க கூட்டுனா 308 தான் வரும், முதல் விண்ணப்பத்துக்கு 350. ஆள் ஒருத்தர் கம்மிங்கறதால நல்ல விண்ணப்பம் கீழ போயிரும். அதனால சராசரி தான் எடுக்கணும். சராசரி எடுத்தும் ஏமாறலாம், நான் ஏமாந்திருக்கேன், போன தடவ இதே மாதிரி விலகுனவர் கட்டத்துல 0ன்னு போட்டுட்டேன். எக்செல் 0வ ஒரு மார்க்கா எடுத்துக்கும், அஞ்சால வகுக்கும், 77 வரவேண்டியது 61.6ன்னு நிக்கும். கட்டத்த காலியா விட்டாலோ "விலகல்"னு எழுத்துல எழுதுனாலோ அத விட்டுட்டு நாலால வகுத்துக்கும்:

```
=AVERAGE(B4:F4)
```

இன்னொரு சந்தேகமும் வரும். விலகுனவர் எப்பவும் கையிறுக்கமா மார்க் போடறவரா இருந்தா, அவர் இல்லாததாலயே சராசரி ஏறிருக்கலாமே? அவர் மத்த மூணுக்கு போட்டத பாருங்க. முதலுக்கு சராசரி 70, அவர் 75. ரெண்டாவதுக்கு 80, அவர் 82. நாலாவதுக்கு 61, அவர் 58. பெருசா ஒரு பக்கமும் சாயல, அதனால அவர் இல்லாததால மூணாம் நம்பருக்கு லாபம்னு சொல்ல முடியாது. இதையும் ஒரு வரி எழுதுனேன். மூணு விண்ணப்பத்த வெச்சு பாக்கறது ரொம்ப உறுதியான கணக்கு இல்ல தான், ஆனா பாக்காம விடறதுக்கு தேவல.

படி 4: ஒருத்தர் மட்டும் தனியா நின்னா

நாலாவது விண்ணப்பத்துக்கு நாலு பேரும் 50க்கும் 60க்கும் நடுவுல போட்டிருக்க, உ4 மட்டும் 82. நாங்க வெச்சிருக்க விதி, மத்தவங்க சராசரிய விட 20க்கு மேல வித்தியாசம் வந்தா காரணம் கேக்கணும், மாத்த சொல்லக்கூடாது. அவர் சொன்னார், ஊர்ல 2 லட்சம் வசூல் ஆயிருக்குதுன்னு நெனச்சு ஊர்மக்கள் பங்குக்கு 15க்கு 15, பராமரிப்புக்கு 10க்கு 10 போட்டேன்னு. விண்ணப்பத்துல நாலாம் பக்கத்த எடுத்து பாத்தா "வசூல் செய்ய உத்தேசித்துள்ளோம்"னு இருக்குது. அவரே பாத்துட்டு 3ம் 2ம்னு கொறச்சார். 82 இப்ப 62 ஆச்சு, சராசரி 61லருந்து 57 ஆச்சு, தேர்ச்சிக்கு கீழ போயிருச்சு.

இங்க தான் கை நடுங்கணும். ஒரு மாத்தம், ஒரு ஊருக்கு பணம் இல்ல. எக்செல்ல 82 மேல 62ன்னு அடிச்சு சேவ் பண்ணிட்டா, பொறவு பாக்கறவனுக்கு யாரோ ஊட்டுக்கு போயி மாத்துன மாதிரி தான் தெரியும். பழைய மார்க், புது மார்க், எந்த அளவுகோல்ல, எந்த பக்கத்த பாத்து, யாரு மாத்துனாங்க, எல்லாம் எழுதி மார்க் தாள்லயும் அவர்கிட்ட சுருக்கு கையெழுத்து வாங்குனேன். அவர் மாத்த மாட்டேன்னு சொல்லிருந்தா 82 அப்படியே நிக்கும், காரணத்தோட.

படி 5: பரிந்துரை

ரெண்டாவது கேட்டது 8 லட்சம், முழுசா. மூணாவது கேட்டது 7.5 லட்சம், அதுல 1 லட்சம் குளத்துக்கு முன்னாடி வளைவு கட்டி பேர் எழுத, அத கழிச்சு 6.5. மீதி 3.5 லட்சம். முதல் விண்ணப்பம் கேட்டது 6 லட்சம்.

மீதி இருக்கறத தூக்கி குடுத்தர்றது தான் எல்லாருக்கும் தோணும். பாதிக்காசுல பாதிக்கொளம் தோண்டுனா மண்ண கரைலயே கொட்டிட்டு போயிருவாங்க, அடுத்த மழைல அதே மண்ணு உள்ள வந்துரும். அதனால 3.5 லட்சத்துல தனியா முடியற வேலை எதுன்னு பாத்தோம், தண்ணி வர்ற வாய்க்கால்ல இருக்கற சீமைக்கருவேலத்த எடுத்து வாய்க்கால சுத்தம் பண்ணறதும் கரைய பலப்படுத்தறதும் அந்த காசுக்குள்ள வரும்னு குழுவுல இருந்த ரிட்டயர்ட் இன்ஜினியர் சொன்னார். எழுதுனது:

> விண்ணப்பம் 1: ரூ.3,50,000, வரத்து வாய்க்கால் மற்றும் கரைப் பணிக்கு மட்டும். திருத்திய பட்ஜெட் 15 நாட்களுக்குள் பெறப்பட வேண்டும். பெறப்படாவிட்டால் தொகை போர்டின் முடிவுக்குத் திரும்பும். மூன்று விண்ணப்பங்களுக்கும், குளத்தில் வேலை செய்ய அரசு அனுமதிக் கடிதத்தின் நகல் வந்த பிறகே முதல் தவணை.

"அனுமதிக்கப்பட்டது"ன்னு எழுதாதீங்க, "பரிந்துரைக்கப்படுகிறது"ன்னு எழுதுங்க. அனுமதிக்கறது போர்டு. இந்த ஒரு வார்த்தைய மாத்தி எழுதி, அதோட நகலும் வெளிய போயி, ஒரு ஊர்ல போர்டு கூடறதுக்கு முன்னாடியே ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க.

காரணம் எழுதறப்ப "நல்ல விண்ணப்பம்", "போதிய தரம் இல்லை"ன்னெல்லாம் வேண்டாம், அளவுகோல் பேர சொல்லி எழுதுங்க. யாரு என்ன பேசுனாங்கன்னு வசனமா எழுதவும் வேண்டாம், மாற்றுக்கருத்த பதிவு பண்ணணும்னு யாராச்சும் கேட்டா மட்டும் பேரோட எழுதுங்க.

படி 6: கையெழுத்து

ரெண்டு நாளுக்குள்ள வரைவ அனுப்புங்க, ஒரு வாரம் போச்சுன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு விசயம், விலகுன உறுப்பினருக்கு அனுப்பறப்ப அவர் இல்லாதப்ப நடந்த பகுதிய திருத்த விடாதீங்க, அந்த பகுதிய மத்த நாலு பேர் தான் சரிபாக்கணும். எங்க பெரியவரே சொல்லிட்டார், "அத நான் படிக்கலைங், மத்தத பாத்துட்டேன்"னு. தலைவர் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டதும் மார்க் தாள் அஞ்சு பேரோடதும், கோடு போட்ட அந்த தாளும் சேத்து ஒரே ஃபைல்.

நாலாம் நம்பர் ஊர்லருந்து போன வாரம் ஒருத்தர் கூப்ட்டார், கோவமா தான் ஆரம்பிச்சார். மினிட்ஸ்ல அவங்க விண்ணப்பத்த பத்தின பத்திய மட்டும் வெட்டி, மார்க் போட்டவங்க பேர் இல்லாம அனுப்புனேன். சாயந்திரம் திரும்ப கூப்ட்டு, வசூல் ரசீது புக்கோட வந்தா அடுத்த வருசம் எடுத்துக்குவீங்களான்னு கேட்டார்.