விளக்கை அணைத்த பிறகும் நாஃப்தலீன் ஒளிர்வது ஏன்?

புற ஊதா ஒளி பட்டதும் ஒளிர்ந்து, அது நின்றதும் அணைந்துவிடும் பொருளின் ஒளிர்வை உடனொளிர்வு, அதாவது ஃப்ளூரசன்ஸ், என்கிறோம். அணைத்த பிறகும் நீடிப்பது நின்றொளிர்வு, அதாவது பாஸ்பொரசன்ஸ். பாடப்புத்தகம் இரண்டையும் இரண்டு வரியில் பிரித்துவிடுகிறது. ஆனால் ஒரே மூலக்கூறு இரண்டு வகையாகவும் ஒளிரும்போது, ஒன்று நானோவினாடியில் முடிந்து மற்றொன்று ஏன் பல வினாடி நீடிக்கிறது என்பதை அந்த இரண்டு வரி சொல்வதில்லை. நாஃப்தலீன் என்ற ஒரே மூலக்கூற்றைக் கையில் எடுத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கரைசலைத் தயாரித்தல்

10 மில்லிலிட்டர் தூய எத்தனாலில் சுமார் 1.3 மில்லிகிராம் நாஃப்தலீனைக் கரையுங்கள். கொஞ்சம்தானே என்று அளவைக் கூட்ட வேண்டாம். மூலக்கூறுகள் நெருங்கிவிட்டால் உறையும்போது ஒன்றுசேர்ந்து படிகமாகிவிடும். கிளர்ந்த, அதாவது ஒளியால் ஆற்றல் பெற்ற, மூலக்கூறுகள் ஒன்றின் ஒளிர்வை ஒன்று அணைத்தும்விடும்.

கரைசலை ஊற்றும் குழாய் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். நாஃப்தலீனைக் கிளர்த்த 254 நானோமீட்டர் பாதரச விளக்கு தேவை. சாதாரணச் சோதனைக் குழாயின் கண்ணாடி அந்த ஒளியை உள்ளே விடாமல் விழுங்கிவிடும். நான் முதன்முறை செய்தபோது கரைசல் சரியாக இருந்தது, விளக்கும் சரியாக இருந்தது, ஆனால் ஒரு மணி நேரம் எதுவுமே தெரியவில்லை. குழாயை மாற்றிய நொடியில் தெரிந்தது. 365 அல்லது 395 நானோமீட்டர் கைவிளக்கும் இதற்குப் பயன்படாது. அந்த ஒளியை நாஃப்தலீன் உறிஞ்சுவதே இல்லை.

படி 2: உறைய வைத்து ஒளிர வைத்தல்

இதை ஆய்வகத்தில், திரவ நைட்ரஜனைக் கையாளத் தெரிந்தவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். 254 நானோமீட்டர் ஒளி கண்ணையும் தோலையும் சுடும், எனவே கண்ணையும் முகத்தையும் மூடும், புற ஊதாவைத் தடுக்கும் கவசம் கட்டாயம். குழாயை மூடி முத்திரையிடக் கூடாது, சூடாகும்போது வெடிக்கும்.

குழாயைத் திரவ நைட்ரஜனில், அதாவது 77 கெல்வினில், மெதுவாக இறக்குங்கள். கொதிப்பு அடங்கும்போது எத்தனால் தெளிவான கண்ணாடி போல இறுகியிருக்கும். நீரைக் கரைப்பானாக எடுத்தால் அது பனிப்பொடி போல வெண்மையாகி ஒளியைச் சிதறடித்துவிடும். அதனால்தான் எத்தனால். அறையை இருட்டாக்கி, குழாயை வெளியே எடுத்து, பத்து வினாடி விளக்கைக் காட்டிவிட்டு அணையுங்கள்.

நீலம் கலந்த பச்சை ஒளி குழாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மெல்ல மங்கி, கண்ணுக்குச் சுமார் பத்து வினாடி வரை தெரியும். குழாய் சூடேறி எத்தனால் இளகத் தொடங்கியதும், ஏறத்தாழ 100 கெல்வினுக்கு மேல், அது காணாமல் போகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாஃப்தலீனின் உடனொளிர்வு 320 முதல் 350 நானோமீட்டர் பகுதியில், புற ஊதாவிலேயே, விழுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே விளக்கு எரியும்போதும் அணைந்த பிறகும் நாம் பார்க்கும் பச்சை, முழுக்க முழுக்க நின்றொளிர்வுதான். இரண்டையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டும் மூலக்கூறு குறைவு. நான் இதைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகவே.

படி 3: மேலே ஏறுவதும் உடனே இறங்குவதும்

மூலக்கூற்றின் அடிநிலையில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, எதிரெதிர் ஸ்பின்னுடன் இருக்கின்றன. இதை ஒற்றை நிலை அல்லது சிங்க்ளெட் என்பார்கள், குறியீடு S₀. ஃபோட்டானை உறிஞ்சியதும் ஓர் எலக்ட்ரான் மேலே போகிறது. ஆனால் தன் ஸ்பின்னை மாற்றிக்கொள்வதில்லை. ஒளியின் மின்புலம் எலக்ட்ரானின் மின்னூட்டத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. ஸ்பின் அதன் பிடிக்கு அகப்படுவதில்லை. அதனால் மேலே போன நிலையும் ஒற்றை நிலைதான். மிகுதி ஆற்றல் சில பிகோவினாடிகளில் அதிர்வாகி வெப்பமாகக் கசிந்துவிட, மூலக்கூறு S₁ என்ற முதல் கிளர் நிலையில் வந்து நிற்கிறது. நாஃப்தலீனில் இது அடிநிலையிலிருந்து சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது.

இங்கிருந்து S₀-க்குத் திரும்பும்போதும் ஸ்பின் மாற வேண்டியதில்லை. அதனால் இறக்கம் எளிது. ஆக்சிஜன் நீக்கிய சைக்ளோஹெக்சேன் கரைசலில், அறை வெப்பநிலையில், நாஃப்தலீனின் S₁ ஆயுட்காலம் ஏறத்தாழ 100 நானோவினாடி. கிளர்ந்த மூலக்கூறுகளில் சுமார் 20 சதவீதம் ஒளியாக இறங்குகின்றன. மீதமுள்ளவை?

படி 4: பக்கவாட்டுத் தாவல்

மீதியில் பெரும்பகுதி மும்மை நிலைக்கு, டிரிப்ளெட்டுக்கு, மாறுகிறது. அங்கே இணையற்ற இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே திசை ஸ்பின்னுடன் இருக்கின்றன. அந்த அமைப்புக்கு மூன்று உட்பிரிவுகள் உண்டு. பெயர் வந்தது அதனால். ஒரே ஸ்பின் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று நெருங்காமல் விலகி நிற்பதால் விலக்கு விசை குறைகிறது. அதனால் மும்மை நிலையான T₁, S₁-ஐவிடத் தாழ்வாக, சுமார் 2.6 எலக்ட்ரான் வோல்ட்டில், இருக்கிறது. S₁-லிருந்து மும்மை நிலைக்குப் போவதைத்தான் இன்டர்சிஸ்டம் கிராசிங் என்கிறார்கள். இங்கே அதைத் தாவல் என்றே அழைக்கிறேன்.

வேகங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்:

```
k(மொத்தம்)      = 1 / 100 ns = 1 × 10^7 s^-1
k(உடனொளிர்வு)  = 0.2 × 10^7 = 2 × 10^6 s^-1
k(தாவல்)        ≈ 0.8 × 10^7 = 8 × 10^6 s^-1
```

தொடக்கநிலையில் எல்லோரும் இடறுவது இங்கேதான். ஸ்பின் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஸ்பின் மாறும் தாவல் ஒளிர்வைவிட நான்கு மடங்கு வேகமாக நடக்கிறது என்றால் எப்படி?

விதி முழுமையான தடை அல்ல. எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றும்போது, எலக்ட்ரானின் பார்வையில் மின்னூட்டம் கொண்ட அணுக்கரு தன்னைச் சுற்றுகிறது. அதனால் ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் ஸ்பின்னைச் சற்றே திருப்புகிறது. இதற்கு ஸ்பின்-ஆர்பிட் இணைப்பு என்று பெயர். இதன் விளைவாக ஒற்றை நிலையில் துளியளவு மும்மையும், மும்மையில் துளியளவு ஒற்றையும் கலந்திருக்கின்றன.

அந்தத் துளி தாவலுக்குப் போதும். தாவலில் ஃபோட்டான் எதையும் வெளியிட வேண்டியதில்லை. S₁-இன் ஆற்றலுக்குச் சமமான அதிர்வு நிலைகள் மும்மையின் பக்கம் அருகிலேயே இருக்கின்றன. தாவியதும் மிகுதி ஆற்றல் பிகோவினாடிகளில் வெப்பமாகிவிடுவதால் திரும்பி வரும் வழியும் அடைபடுகிறது.

படி 5: கீழே இறங்க ஏன் இவ்வளவு நேரம்?

T₁-இல் சிக்கிய மூலக்கூற்றின் நிலை வேறு. அடுத்து இருப்பது S₀ மட்டுமே, அதுவும் 2.6 எலக்ட்ரான் வோல்ட் கீழே. அவ்வளவு பெரிய ஆற்றலை அதிர்வுகளாக மட்டும் கொட்டுவது கடினம். ஒளியாக இறங்கலாம், ஆனால் அந்த ஒளிக்கு வலிமை தருவது மும்மையில் கலந்திருக்கும் அந்தத் துளி ஒற்றை மட்டுமே. நாஃப்தலீனில் அது மிக மிகச் சிறிது. அதனால் 77 கெல்வினில் T₁-இன் ஆயுட்காலம் சுமார் 2.6 வினாடி: S₁-இன் ஆயுளைவிட இரண்டரைக் கோடி மடங்குக்கும் மேல். 2.6 வினாடி கழித்து ஒளி 37 சதவீதமாகவும், 12 வினாடி கழித்து ஒரு சதவீதமாகவும் குறையும். குழாயில் நாம் கண்டது இதைத்தான்.

அந்த 2.6 வினாடியைக்கூட ஒளி மட்டும் தீர்மானிக்கவில்லை. நாஃப்தலீனின் ஹைட்ரஜன் அணுக்கள் அனைத்தையும் டியூட்ரியமாக மாற்றினால் ஆயுள் ஏறத்தாழ 20 வினாடியாக நீள்கிறது. எலக்ட்ரான் அமைப்பு மாறவில்லை. கார்பன்-டியூட்ரியம் பிணைப்பின் அதிர்வுப் படி சிறியது, அதனால் ஆற்றலை வெப்பமாகக் கொட்டும் வழி மட்டும் மெதுவாகிவிட்டது. சாதாரண நாஃப்தலீனில் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அந்தக் கசிவுதான்.

படி 6: கனமான அணுவைச் சேர்த்துச் சரிபார்த்தல்

விளக்கம் சரி என்றால், அணுக்கருவின் மின்னூட்டம் கூடக்கூட ஸ்பின்-ஆர்பிட் இணைப்பு வலுக்க வேண்டும், மும்மையின் ஆயுள் குறைய வேண்டும். நாஃப்தலீனின் 1-ஆம் இடத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஹாலஜன் ஒன்றை வைத்து, 77 கெல்வினில் அளந்த தோராய மதிப்புகள் இவை: ஃப்ளோரின் 1.5 வினாடி, குளோரின் 0.3 வினாடி, புரோமின் 0.018 வினாடி, அயோடின் 0.0025 வினாடி. சாதாரண நாஃப்தலீனின் 2.6 வினாடியோடு ஒப்பிட்டால், ஒரே ஓர் அணு மாறியதில் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

தாவலும் வேகமாகிறது. அயோடோநாஃப்தலீனில் உடனொளிர்வு கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. S₁-க்குப் போன மூலக்கூறுகள் ஒளிர நேரமின்றி மும்மைக்குத் தாவிவிடுகின்றன. நின்றொளிர்வாக இறங்கும் பங்கோ கூடுகிறது. அதாவது கனமான அணு நின்றொளிர்வைப் பிரகாசமாக்குகிறது, அதேசமயம் ஆயுளைச் சுருக்குகிறது. 0.0025 வினாடியைக் கண் பிடிக்காது என்பதால், விளக்கை அணைத்ததும் ஒளியும் நின்றதுபோலத் தோன்றும். அதை உடனொளிர்வு என்று எழுதிவிடாதீர்கள். கண்ணால் பார்த்த நேரத்தை வைத்து வகைப்படுத்தக் கூடாது. ஸ்பின் மாறியதா என்பதுதான் கேள்வி.

படி 7: எதுவும் தெரியாவிட்டால், தெரிவது வேறாக இருந்தால்

கரைசலை உறைய வைக்காமல் அறை வெப்பநிலையில் முயன்றால் பச்சை வராது. முக்கியக் காரணம் காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன். அதன் அடிநிலையே மும்மை நிலை. கிளர்ந்த மும்மை மூலக்கூற்றின் மீது மோதியதும் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். காற்றோடு கலந்த கரைசலில் அந்த மோதல்கள் சில நூறு நானோவினாடிக்குள் மும்மையைத் தீர்த்துவிடுகின்றன. இறுகிய கண்ணாடியில் ஆக்சிஜன் நகர முடியாது. உறைய வைப்பதன் பயனில் பாதி அதுதான்.

இருட்டில் ஒளிரும் ஒட்டிகளையும் இதே விளக்கத்தில் அடக்கிவிடும் வழக்கம் உண்டு. அது தவறு. யூரோப்பியம், டிஸ்புரோசியம் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில், எலக்ட்ரான்கள் படிகத்தின் குழிகளில் சிக்கி, வெப்பத்தால் ஒவ்வொன்றாக விடுபட்டு வருகின்றன. மும்மை நிலை அங்கே காரணம் அல்ல. வேறுபாட்டைச் சோதிக்க அதே திரவ நைட்ரஜன் போதும். அதில் முக்கினால் ஒட்டியின் ஒளி மங்கிவிடும், வெளியே எடுத்துச் சூடேறவிட்டால் மீண்டும் எரியும். நாஃப்தலீன் குழாய் குளிரில் ஒளிர்ந்து, சூடேறும்போது அணையும்.