மீட்டிங்கைக் கடைசி நேரத்தில் ரத்து செய்ய வேண்டுமா? இரண்டு மாற்று நேரங்களோடு சொல்லும் முறை

ஓர் உதாரணத்தோடு போவோம். கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். பில்லிங் மென்பொருளின் டெமோ பார்க்க, திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி புதன்கிழமை மாலை 4 மணிக்கு வருவதாக ஏற்பாடு. மதியம் 1 மணிக்கு டெமோ சர்வர் படுத்துவிட்டது. மாலைக்குள் சரியாகாது என்று தெரிந்துவிட்டது.

1. கெடு எது என்று பாருங்கள்

கெடு 4 மணி அல்ல, அவர் கிளம்பும் நேரம். சுமார் 50 கிலோமீட்டர் தூரம். போக்குவரத்தைக் கணக்கில் வைத்து 2.30-க்கே வண்டி எடுப்பார். ஆகவே உங்கள் கையில் இருப்பது மூன்று மணி நேரமல்ல, ஒன்றரை மணி நேரம்தான். “சர்வர் ஒருவேளை சரியாகிவிடும்” என்று 3 மணி வரை காத்திருந்தால், அவர் பாதி வழியில் இருக்கும்போது தகவல் போகும்.

2. போனை எடுக்கும் முன் இரண்டு நேரங்களைப் பிடித்து வையுங்கள்

பத்து நிமிட வேலைதான். ஆனால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

முதல் மாற்று நேரம், இன்றைய சிக்கல் நிச்சயம் தீர்ந்த பிறகு வரவேண்டும். சர்வர் நாளைக் காலைதான் சரியாகும் என்றால் நாளை 10 மணியைச் சொல்லாதீர்கள். ஒருமுறை ரத்து செய்ததை மன்னிப்பார்கள். அதையே மறுநாளும் தள்ளிப்போட்டால் வேறு ஆளைத் தேடுவார்கள்.

இரண்டு நேரங்களும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. வியாழன் 3 மணி, வியாழன் 4 மணி என்று கொடுத்தால் அது ஒரே நேரம்தான். அன்று மதியம் அவருக்கு வேலை இருந்தால் இரண்டும் போச்சு. நாளும் வேறாக, பொழுதும் வேறாக இருக்கட்டும். இங்கே வியாழன் மாலை 4 மணியும் சனிக்கிழமை காலை 11 மணியும் பொருந்தும். வெள்ளி காலை 11 ஏன் வேண்டாம் என்றால், வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், புது வியாபாரம் பேச வருபவருக்கு இருக்கலாம்.

இரண்டையும் உங்கள் காலண்டரில் உடனே அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் யோசிக்கும் இடைவெளியில் வேறு யாராவது அந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

3. முதலில் போன், பிறகுதான் வாட்ஸ்அப்

மெசேஜை அவர் எப்போது பார்ப்பார் என்று சொல்ல முடியாது. போனில் முதல் கேள்வி “கிளம்பிட்டீங்களா சார்?” என்பதே. கிளம்பவில்லை என்றால் ரத்தையும் காரணத்தையும் சொல்லி, நேரங்களை மெசேஜில் அனுப்புவதாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கிளம்பியிருந்தால் முடிவை அவரிடமே விடுங்கள்: டெமோ இல்லாமல் விலை, வசதிகளை மட்டும் இன்று பேசலாமா, அல்லது திரும்பிவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாமா?

4. மெசேஜ்

> வணக்கம் சார். இன்று (புதன்) மாலை 4 மணி மீட்டிங்கை நடத்த முடியவில்லை, மன்னிக்கவும். டெமோ சர்வர் பழுதாகிவிட்டது; நாளை மதியத்துக்குள் சரியாகிவிடும்.
>
> மாற்று நேரம்:
> 1) வியாழன் 12-ஆம் தேதி, மாலை 4 முதல் 4.45 வரை. நாங்களே உங்கள் கம்பெனிக்கு வருகிறோம்.
> 2) சனி 14-ஆம் தேதி, காலை 11 முதல் 11.45 வரை, எங்கள் ஆபீஸில்.
>
> இரண்டையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். இன்று இரவு 8 மணிக்குள் எது வசதி என்று சொன்னால் போதும். இரண்டும் தோதுப்படாவிட்டால் உங்கள் நேரத்தைச் சொல்லுங்கள்.

கிழமையும் தேதியும் சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள். வெறும் ‘நாளை’ என்று எழுதி, அவர் அதை மறுநாள் படித்தால் ஒரு நாள் தவறிவிடும். காரணம் ஒரே வாக்கியம், அதுவும் உண்மையானது. ‘அவசர வேலை வந்துவிட்டது’ என்றால், தன்னைவிட முக்கியமான ஆள் யாரோ வந்துவிட்டார் என்றுதான் அவருக்குப் படும். சிரமம் கொடுத்தது நாம் என்பதால், ஒரு நேரத்திலாவது பயணத்தை நாம் ஏற்பதே முறை.

5. காலண்டர் கடைசியில்

போன் பேசும் முன் கூகுள் காலண்டரில் மீட்டிங்கை அழித்தால், காரணமில்லாத ரத்து மின்னஞ்சல் ஒன்று அவருக்கு முந்திப் போய்ச் சேரலாம். பேசிய பிறகும் அழிக்க வேண்டியதில்லை. புது நேரம் முடிவானதும் அதே பதிவின் தேதியை மாற்றுங்கள். குறிப்புகளும் வீடியோ இணைப்பும் அப்படியே இருக்கும். வாராவாரம் வரும் மீட்டிங் என்றால் `This event` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `All events` கொடுத்தால் மொத்தத் தொடரும் நகர்ந்துவிடும்.

பல பேர் வரும் மீட்டிங்கில், முடிவெடுப்பவரிடம் மட்டும் முதலில் நேரம் கேளுங்கள். குழுவில் போட்டால் பாதிப் பேர் ஒன்று, பாதிப் பேர் இரண்டு என்பார்கள்.

6. பதில் வந்ததும்

அவர் தேர்ந்ததை உறுதி செய்து ஒரு வரி அனுப்பிவிட்டு, மற்ற நேரத்தை விடுவித்துவிடுங்கள். 8 மணி வரை பதில் இல்லையா? இரவில் நச்சரிக்க வேண்டாம். வியாழன் காலை 10 மணிக்கு ஒரு போன் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வியாழன் நேரத்தை விட்டுவிட்டு, சனிக்கிழமை நேரம் இன்னும் இருக்கிறது என்று மட்டும் மெசேஜ் அனுப்புங்கள்.