சினிமாப் பிரியருக்குப் பழைய பாட்டுப் புத்தகம்

ஓயாமல் படமும் தொடரும் பார்ப்பவருக்கு டிவிக்குப் பின்னால் ஒட்டும் வெள்ளை எல்இடி பட்டை நல்ல பரிசு. 6500 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இருட்டறையில் கண் கூசுவது குறையும். கலர் மாறும் பட்டை வேண்டாம், படத்தின் நிறமே வேறு மாதிரி தெரியும்.

சேகரிப்பவர் என்றால், அந்தக் காலத்தில் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் என் தேர்வு. கோவை பட்சிராஜா, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுடையது கிடைத்தால் நம்ம ஊர்க்காரருக்கு அது தனிச் சந்தோஷம். அப்புச்சிக்கு 1954-ல் வந்த ‘மலைக்கள்ளன்’ பாட்டுப் புத்தகம் கொடுத்தேன். "இதெங்க கண்ணு புடிச்ச?" என்று ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாங்கும்முன் தாளின் பின்பக்கம் விரலால் தடவுங்கள். அச்சுக்கோத்து அடித்த பழைய தாளில் எழுத்தின் அழுத்தம் பெரும்பாலும் லேசாகத் தட்டுப்படும். ஜெராக்ஸ் வழவழவென்று இருக்கும். புத்தகத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் அதைச் சுற்றிப் பழுப்புக் கறையும் இருக்க வேண்டும். கறையே அச்சாகியிருந்தால் அது நகல்.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் நாளடைவில் மஞ்சள் கறை விடும். ஃபிரேம் போடுவதானால் அமிலமில்லாத அட்டையை விளிம்பாக வைத்து, கண்ணாடி தாளில் படாதபடி போடச் சொல்லுங்கள். அப்புறம், வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம்.