உணர்திறன் 90% என்று எழுதுவதற்கு முன்

நோயறி சோதனை ஒன்றின் உணர்திறன் 90% என்று மட்டும் எழுதினால், அது 10 பேரில் 9 பேரா, 400 பேரில் 360 பேரா என்பது வாசகருக்குத் தெரியாது. எண்ணிக்கையையும் 95% நம்பக இடைவெளியையும் உடன் தாருங்கள். நோய் உறுதியான 40 பேரில் 36 பேருக்கு நேர்மறையாகவும், நோயில்லாத 120 பேரில் 102 பேருக்கு எதிர்மறையாகவும் முடிவு வந்தது என்று கொள்வோம். வில்சன் முறையில் கணக்கிட்டால், “உணர்திறன் 90% (36/40, 77–96%), தனித்தன்மை 85% (102/120, 78–90%)” என்று எழுத வேண்டும். நோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினரைச் சோதனை தவறவிடவும் கூடும் என்பதை 77 என்ற அந்தக் கீழ் எல்லைதான் காட்டுகிறது.

பலர் எழுதாமல் விடுவது வெட்டுப்புள்ளியின் வரலாறு. ஆர்ஓசி வளைகோட்டின் கீழ்ப் பரப்பு எல்லா வெட்டுப்புள்ளிகளையும் சேர்த்துச் சொல்வது. உணர்திறனும் தனித்தன்மையும் ஒரேயொரு வெட்டுப்புள்ளிக்கு உரியவை. அதை இதே 160 பேரின் தரவில் யூடன் குறியீடு உச்சமாகும் இடத்தில் தேர்ந்திருந்தால், புதிய நோயாளிகளிடம் கிடைக்கக்கூடியதைவிட அவ்விரு எண்களும் பெரும்பாலும் உயர்வாகவே தோன்றும். வெட்டுப்புள்ளி 13.74 என்பதுபோல் இருந்தால் எனக்கு உடனே ஐயம் எழும். அது முன்கூட்டியே முடிவானதா, தரவிலிருந்து பிறந்ததா என்பதை முறையியல் பகுதியிலேயே குறிப்பிடுங்கள். தரவிலிருந்து பிறந்ததென்றால், வேறொரு நோயாளர் குழுவில் அதைச் சரிபார்த்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.